கி.பி. 382ல ரோமச் சடங்குகளுக்கு அரசுப் பணம் நின்னது: இதுக்கு ஒரு நல்ல சொல் வேணும்

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாலாம் நூற்றாண்டு ரோம் பத்தி ஒரு நீளமான கட்டுரை எழுதிட்டு இருக்கேன், ஒரே ஒரு இடத்துல ரெண்டு வாரமா மாட்டிக்கிட்டு நிக்கிறேன். 382ல கிராசியன் பேரரசர் ரோம் நகரத்துப் பழைய சடங்குகளுக்குப் போன அரசுப் பணத்தை நிறுத்தினார், வெஸ்டா தெய்வத்தோட பெண் பூசாரிகளான வெஸ்டா கன்னியருக்கும் மத்த பூசாரிகளுக்கும் இருந்த சலுகைகளை எடுத்தார், கோயில் நிலங்களை அரசோட சேர்த்தார், செனட் மண்டபத்துல இருந்த வெற்றித் தெய்வத்தோட பலிபீடத்தையும் வெளிய எடுத்துட்டார். இது மொத்தத்துக்கும் நான் "அரசு மானிய ரத்து"ன்னு போட்டிருக்கேன். படிச்சுப் பாத்தா உர மானியம், பஸ் மானியம் மாதிரி இருக்கு. அதுக்காகப் பழைய வழிபாட்டைப் பின்பற்றின செனட்டர்கள் அவ்வளவு போராடினாங்கன்னா வாசகர் நம்பமாட்டார். வேற சொல் இருக்கா?

முல்லைக்கொடி எழுதியது:

இதுக்கு முன்னாடியே இங்க பேசியிருக்கோமே. புறச்சமயம்னு போடலாம், தொல்சமயம்னும் போடலாம். "உருவ வழிபாட்டாளர்"னு பழைய கிறித்தவ நூல்கள்ல வரும், அது வேண்டாம், ஏசுற மாதிரி இருக்கும். என் ஓட்டு தொல்சமயத்துக்கு.

வைகைக்கரை எழுதியது:

முல்லை அக்கா, நன்றி. ஆனா நான் கேக்கறது அந்த ஆட்களுக்கான பேர் இல்ல. பணம் நின்னுச்சு பாருங்க, அந்தச் செயலுக்குத்தான் சொல் தேடுறேன். ஆட்களுக்குத் தொல்சமயத்தார்னே எழுதியிருக்கேன்.

கல்தச்சன் எழுதியது:

இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை, "வழிபாட்டுத் தடை"ன்னு போட்டா முடிஞ்சுது. 380ல கிழக்குப் பேரரசர் தியோடோசியஸ் கிறித்தவத்தை அரசு மதமா அறிவிச்சார், அதோட பழைய கோயில்லாம் மூடியாச்சு, பணம் நிறுத்தினது அதோட ஒரு பகுதிதான். தடைன்னு சொன்னா எல்லாம் அடங்கிடும்.

பழஞ்சுவடி எழுதியது:

கல்தச்சன் சொன்னதுல பாதி சரி, பாதியை மாத்தணும், அதை மாத்தினாத்தான் சொல்லே கிடைக்கும்னு நினைக்கிறேன். 380 ஆணை கிறித்தவர்களுக்குள்ளயே எது சரியான விசுவாசம்ங்கிறதைப் பத்தினது, ரோம்ல எந்தக் கோயிலையும் அது மூடல. பலி கூடாதுன்னு அதுக்கு முன்னாடியே சில ஆணைகள் உண்டு, ஆனா ரோம் நகரத்துல அதை யாரும் பெருசா நடைமுறைப்படுத்தல. ரோமை நேரடியா அடிச்ச தடை 391 பிப்ரவரியிலதான் வருது, அடுத்த வருஷம் நவம்பர்ல வீட்டுக்குள்ள வைக்கிற தூபம், மாலை வரைக்கும் போச்சு. 382ல அப்படி ஒண்ணும் தடுக்கல. கோயில் திறந்திருந்துது, போறவங்க போனாங்க. அப்ப ஏன் இந்தப் பதற்றம்?

இதுக்குப் பதில் பெஸ்டஸ்னு ஒரு பழைய லத்தீன் அகராதிக்காரர்கிட்ட இருக்கு. பொதுச் சடங்குன்னா என்னன்னு அவர் சொல்றார்: பொதுப் பணத்துல, மக்களுக்காகச் செய்யறது. தனி ஆளுக்கும் குடும்பத்துக்கும் குலத்துக்கும் செய்யறது தனிச் சடங்கு. ரெண்டு நிபந்தனையையும் கவனிங்க. செலவு யாரோடதுங்கிறது அந்தச் சடங்கோட இலக்கணத்துக்குள்ளயே இருக்கு. அதனால பணத்தை நிறுத்தினா சடங்குக்கு வசதி குறையுதுன்னு மட்டும் அர்த்தம் இல்ல, அது பொதுச் சடங்காவே இல்லாமப் போயிடுது. அதே பூசாரி அதே மந்திரத்தைச் சொல்லி அதே பலியைத் தன் காசுல குடுத்தாலும் அது ரோமுக்காகச் செஞ்சதா கணக்குல வராது.

ஜோசிமஸ்னு ஒரு வரலாற்றாசிரியர் இதை நேராவே எழுதியிருக்கார். பழைய சடங்கை விடச்சொல்லி தியோடோசியஸ் செனட்கிட்ட கேட்டாராம், அவங்க மாட்டோம்னாங்களாம். கருவூலத்துக்குப் பாரமா இருக்கு, படைக்குப் பணம் வேணும்னு அவர் சொன்னப்போ, அரசு செலவு பண்ணாம சடங்கு முறைப்படி நடக்காதுன்னு அவங்க பதில் சொன்னாங்களாம். ஜோசிமஸ் நூறு வருஷத்துக்கு அப்புறம் எழுதினவர், தியோடோசியஸ் அப்ப ரோமுக்கு வந்தாராங்கிறதே சர்ச்சை. ஆனாலும் அந்தப் பதில் பெஸ்டஸ் சொன்ன இலக்கணத்தோட ஒட்டுது. அதனால மானியம்ங்கிற சொல் இங்க ஒத்து வராது. மானியம் நின்னாலும் பொருள் அதேதான், விலை மட்டும் ஏறும். இங்க பொருளே மாறிடுது.

தாமிரபரணி எழுதியது:

ஐயா சொன்னதைப் படிச்சதும் எங்க ஊர்க் கொடைதான் ஞாபகம் வந்துச்சு, தப்பா இருந்தா சொல்லுங்க. எங்க அம்மன் கொடைக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு வரி போடுவாங்க, இருக்கவனும் இல்லாதவனும் ஒரே தொகைதான் குடுக்கணும். கொஞ்ச வருஷம் முன்ன வெளியூர்ல நல்லா சம்பாதிச்ச ஒருத்தர் வந்து மொத்தச் செலவையும் நானே ஏத்துக்கறேன்னார். எங்க தாத்தா உட்பட பெரியவங்க ஒத்துக்கல. பந்தல் போடு, அன்னதானம் பண்ணு, அதெல்லாம் உன் உபயம், ஆனா வரி எடுக்கலைன்னா அது உன் வீட்டுப் பூசை, ஊர்க் கொடை இல்லன்னுட்டாங்க. அவருக்கு ரொம்ப வருத்தம், அடுத்த வருஷம் வரவே இல்ல. நான் அப்ப சின்னப் பையன், தாத்தா வீம்பு பிடிக்கிறார்னுதான் நினைச்சேன். அந்த செனட்டர்கள் சொன்னதும் இதுதானோ?

பழஞ்சுவடி எழுதியது:

தம்பி, இதுதான், இவ்வளவு நெருக்கமா நான் யோசிக்கல. இதுக்கு நேர் நிகரா ஒரு சம்பவமும் இருக்கு. 392ல மேற்குப் பகுதியில யூஜீனியஸ் ஆட்சிக்கு வந்தார், அவர் கிறித்தவர், ஆனா தொல்சமயச் செனட்டர்களோட ஆதரவு அவருக்குத் தேவைப்பட்டுது. கோயில் வருமானத்தைத் திருப்பிக் குடுங்கன்னு ரெண்டு தடவை தூது போச்சு, ரெண்டு தடவையும் மறுத்தார். அப்புறமா அந்தச் சொத்தைக் கோயிலுக்குக் குடுக்காம, கேட்ட செனட்டர்களுக்கே தனிப்பட்ட பரிசாக் குடுத்தார். நான் கோயிலுக்குக் குடுக்கலைன்னு அவர் சொல்லிக்கலாம், அவங்க அதை வச்சு சடங்கு நடத்திக்கலாம். மிலான் பிஷப் அம்புரோஸ் அந்த வித்தியாசத்தை ஏத்துக்கல, அந்த ஆட்கள் அதை எதுக்குச் செலவழிப்பாங்கன்னு எல்லாருக்கும் தெரியாதான்னு யூஜீனியஸுக்கே கடிதம் எழுதினார். தம்பி ஊர்க்கணக்குல பாத்தா செனட்டர்களுக்குக் கிடைச்சது உபயம், வரி இல்ல.

வைகைக்கரை எழுதியது:

அப்படின்னா ரெண்டு சொல் வேணும்போல இருக்கு. முதல்ல அந்தச் சடங்குக்கு: "ஊர்ப்பொதுச் சடங்கு". அப்புறம் அது நின்னதுக்கு: "பொதுமை நீக்கம்". சரியா?

கல்தச்சன் எழுதியது:

380 விஷயத்துல நான் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா பொதுமைன்னா பலருக்குப் பொதுவுடைமைதான் தோணும். கல்வெட்டுல நமக்கு ஏற்கெனவே சொல் இருக்கே. கோயில் அன்றாடச் செலவுக்கு எழுதி வச்சது நிவந்தம், வரி இல்லாம விட்ட நிலம் இறையிலி. "நிவந்த நீக்கம்"னு போட்டா அழகா இருக்கு, வேரும் இருக்கு.

பழஞ்சுவடி எழுதியது:

இறையிலி ஒரு இடத்துக்கு நல்லாப் பொருந்தும். வெஸ்டா கன்னியருக்கு இருந்த வரி விலக்கையும் கடமை விலக்கையும் எழுதறப்ப அந்தச் சொல்லோட வாடையைக் கொண்டு வரலாம். நிவந்தத்துலதான் எனக்குத் தயக்கம். நிவந்தம்னா ஒரு ராசாவோ வணிகரோ தெய்வத்துக்குக் கொடுத்தது, புண்ணியம் கொடுத்தவருக்கு. ரோம்ல கொடுப்பவரே வழிபடுபவர். சடங்கைச் செய்யறது மொத்த ரோம மக்கள், பூசாரி அவங்க சார்பா நிக்கிற ஆள், அவ்வளவுதான்.

384ல சிம்மாக்கஸ் ரோமோட நகரத் தலைவரா இருந்து, நிறுத்தின பணத்தையும் எடுத்த பலிபீடத்தையும் திருப்பிக் கேட்டு இரண்டாம் வலந்தினியனுக்கு எழுதின விண்ணப்பத்தைப் பாருங்க. பேரரசருக்கு அப்ப பதிமூணு வயசு. அவ்வளவு பெரிய மறைபொருளை ஒரே வழியில போய் அடைய முடியாதுங்கிற வரியைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க, ஆனா விண்ணப்பத்துல பெரும்பகுதி பணமும் சட்டமும்தான். அடிமைத்தளையில இருந்து விடுதலை ஆனவங்களுக்குக்கூட உயில் சொத்து போய்ச் சேருது, கன்னியருக்கும் பூசாரிகளுக்கும் மட்டும் சாகப்போறவர் எழுதி வச்ச நிலம் ஏன் சேரக்கூடாதுன்னு கேக்கறார். 383ல விளைச்சல் பொய்ச்சு, ஜனங்க காட்டுக் கிழங்கையும் கருவாலிக் கொட்டையையும் தின்னாங்களே, கன்னியரோட உணவைப் பறிச்சதாலதான்னு சொல்றார். பஞ்சம் பூசாரிகளை மட்டும் அடிக்கல, மொத்த ஊரையும் அடிச்சுதுங்கிறது அவரோட வாதத்துக்கு அடித்தளம், ஏன்னா அந்தச் சடங்கு மொத்த ஊருக்கானது. நிவந்தம்னு எழுதினா இந்த வாதம் வாசகருக்குப் புரியாது.

முல்லைக்கொடி எழுதியது:

இப்பத்தான் கேள்வியே புரிஞ்சுது, மன்னிக்கணும். ஆனா ஒண்ணு சொல்றேன், அம்புரோஸ் பக்கம் நியாயமே இல்லாத மாதிரி பேசறீங்க. சிம்மாக்கஸோட விண்ணப்பத்துக்கு அவர் எழுதின பதில் கடிதத்தை நான் படிச்சிருக்கேன். கிறித்தவ சபையோட சொத்து ஏழைகளைத் தாங்குறதுக்கு, உங்க கோயில்கள் எத்தனை கைதிகளை மீட்டுது, எத்தனை ஏழைக்குச் சோறு போட்டுதுன்னு எண்ணிச் சொல்லுங்கன்னு கேக்கறார். உங்க கன்னியர் ஏழு பேர்கூட தேறமாட்டாங்க, அவங்களுக்கும் சம்பளமும் சலுகையும் வேணும், எங்க கன்னியர் ஒண்ணும் வாங்காம வர்றாங்கன்னும் சொல்றார். அது வலுவான கேள்விதானே?

பழஞ்சுவடி எழுதியது:

வலுவானதுதான் அக்கா, அந்தக் காலத்து அரசவையில அதுதான் எடுபட்டுது, விண்ணப்பம் தோத்துது. ஆனா ரெண்டு பேரும் ரெண்டு வேற பொருளைப் பத்திப் பேசறாங்க. அம்புரோஸுக்கு சம்பளம் வாங்கினா அது உண்மையான பக்தி இல்ல. சிம்மாக்கஸுக்கு ஊர் சம்பளம் குடுக்கலைன்னா அது ஊரோட பூசை இல்ல. நம்ம சொல் இந்த இடைவெளியைக் காட்டணும்.

அடுத்தது, பணம் நின்னதும் என்ன ஆச்சுன்னு சிம்மாக்கஸோட சொந்தக் கடிதத்துலயே தடயம் இருக்கு. அவரே பூசாரிக் குழுவுல ஒருத்தர். சக உறுப்பினர்கள் கடமைக்கு வரலன்னு புலம்பறார், இப்பல்லாம் ரோமர்கள் பலிபீடத்துப் பக்கம் வராம இருக்கறதே முன்னுக்கு வர்ற ஒரு வழியாயிடுச்சுன்னு எழுதறார். 384 கடைசியில பிரைடெக்ஸ்டாட்டஸ் செத்துப்போனார், அடுத்த வருஷம் கான்சல்ங்கிற உயர்ந்த பதவிக்கு வரவேண்டியவர், அவங்க பக்கத்துல பெரிய தலை. அதுக்கு அப்புறம் சிம்மாக்கஸ் நகரத் தலைவர் பதவியையே விட்டுடறார்.

தாமிரபரணி எழுதியது:

394ல கடைசியா தொல்சமயத்துக்காக ஒரு போர் நடந்துதே, அதையும் இதுல சேக்கலாமா? தொல்சமயச் செனட்டர் பிளேவியானஸ் தற்கொலை பண்ணிக்கிட்டாரே.

பழஞ்சுவடி எழுதியது:

பிரிகிடஸ் ஆத்துப் போர். அதை மதப்போர்னு எழுதினது பெரும்பாலும் ஜெயிச்சவங்க பக்கம், இப்ப ஆய்வாளர்கள் பலர் அதை ஏத்துக்கறதில்ல, நானும் முடிவா சொல்ல மாட்டேன். இந்தச் சொல்லுக்கு அது தேவையும் இல்ல.

கல்தச்சன் எழுதியது:

சரி, ஊர்ப்பொதுச் சடங்கை ஏத்துக்கறேன். ஆனா ரோம் பேரரசாச்சே, ஊர்னு சொன்னா சின்னதாத் தெரியாதா? "நாட்டுப்பொதுச் சடங்கு"?

பழஞ்சுவடி எழுதியது:

சின்னதாத் தெரியட்டும். கிராசியன் நிறுத்தினது ரோம் நகரத்தோட சடங்குகளுக்குப் போன பணம். அவரோட ஆணையே இன்னைக்கு நம்ம கையில இல்ல, சிம்மாக்கஸும் அம்புரோஸும் சொல்றதையும் 415ல வந்த ஒரு சட்டம் அதைச் சுட்டுறதையும் வச்சுத்தான் தெரிஞ்சுக்கறோம். மூணையும் வச்சுப் பாத்தா ஊர் சரியாவே இருக்கு. ரெண்டாவது சொல்லுக்கு "ஊர்ப்பொறுப்பு நீக்கம்"னு ஒண்ணு வச்சுப் பாக்கலாம், ஆனா நகராட்சி அறிக்கை மாதிரி இருக்கு, எனக்கே திருப்தி இல்ல.

தாமிரபரணி எழுதியது:

எங்க ஊர்ல வரி எடுக்காத வருஷத்தை "ஊர் கைவிட்ட வருஷம்"னு சொல்வாங்க. "ஊர்க்கைவிடல்"?

வைகைக்கரை எழுதியது:

தாமிரபரணி, அது நெஞ்சைத் தொடுது, ஆனா கைவிட்டது ஊர் இல்லையே, மிலான்ல இருந்த பேரரசர். ஊர் வேணும்னுதான் கேட்டுது, குறைஞ்சபட்சம் செனட்ல ஒரு பகுதி கேட்டுது. செனட்லயே கிறித்தவங்க பெரும்பான்மைன்னு அம்புரோஸ் சொல்றார், சிம்மாக்கஸ் பக்கத்தார் அதை ஒத்துக்க மாட்டாங்க. அதனால கட்டுரையில ஊர்ப்பொதுச் சடங்கு போட்டாச்சு. 382க்கான வாக்கியத்தை இப்படி மாத்தியிருக்கேன்: "அந்த ஆண்டு ரோமின் ஊர்ப்பொதுச் சடங்குகள் தனியார் சடங்குகளாக்கப்பட்டன." தலைப்புல வைக்கிற பெயர்ச்சொல் மட்டும் காலியா இருக்கு. "தனியாராக்கம்"னு எழுதினா கம்பெனி விக்கிற மாதிரி இருக்கு. ஞாயிறு வரைக்கும் காத்திருக்கேன், யாருக்காவது தோணினா எழுதுங்க.