அப்பச்சிக்கு எல்.டி.எல். 21: மூளை காய்ந்துவிடுமா?

வட்டகைவாசி:
அப்பச்சிக்கு 71 வயது. போன வருடம் ஸ்டென்ட் வைத்தோம். கொழுப்பைக் குறைக்க ரோசுவாஸ்டாடின், எசெடிமைப் மாத்திரைகள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எவோலோகுமாப் ஊசி. நேற்று வந்த ரிப்போர்ட்டில் கெட்ட கொழுப்பு எல்.டி.எல். 21. "50-க்குக் கீழே போனால் மூளை காய்ந்து மறதி வரும், ஊசியை நிறுத்து" என்கிறார் புதுவயல் அண்ணன். நிறுத்திவிடலாமா?

தேவகோட்டை டாக்டரம்மா:
நிறுத்த வேண்டாம் தம்பி. போட்டுக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் ஒரு ஊசிகூடத் தவறக் கூடாது. புதுவயலாரே, இதோடு மூன்றாவது முறை இதை எழுதுகிறீர்கள். ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். மூளைக்குள் போவதே இல்லை. நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பை மூளை தானே செய்துகொள்கிறது. பிறந்த குழந்தையின் எல்.டி.எல். 30-ஐ ஒட்டித்தான் இருக்கும். அந்த அளவில்தான் அதன் மூளை வளர்கிறது.

புதுவயல் மரபுணவு:
மூன்று முறை இல்லை, முப்பது முறை எழுதுவேன். மூளையில் பெரும்பகுதி கொழுப்பு. இதே ஊசி போட்டவர்களுக்கு மறதி அதிகம் வந்தது என்று 2015-இல் ஆய்விதழிலேயே வந்ததே, அதை மறைப்பது ஏன்?

தேவகோட்டை டாக்டரம்மா:
மறைக்கவில்லை. அது ஆஸ்லர் ஆய்வு. ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களே மறதி, குழப்பம் என்று சொன்னார்கள். போடாதவர்களில் அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் தனக்கு ஊசி போடுகிறார்கள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். "மறதி வரலாம்" என்று கேட்ட பிறகு சாவியைத் தொலைத்தால் மனசு எங்கே போகும்? அதனால்தான் தனியாக ஒரு சோதனை வைத்தார்கள், எப்பிங்ஹவுஸ் என்று பெயர். ஊசி யாருக்கு, மருந்தில்லாத போலி ஊசி யாருக்கு என்று நோயாளிக்கும் தெரியாது, சோதிப்பவருக்கும் தெரியாது. கையில் ஒரு டேப்லெட் கணினி. திரையில் வண்ணப் பெட்டிகள். எதற்குள் வில்லை ஒளிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். வில்லை கிடைத்த பெட்டியை மறுபடி திறந்தால் அது தப்பு. இதை ஊசி தொடங்கும் முன்பும், பிறகு இடைவெளி விட்டும் செய்ய வைத்தார்கள். 1,204 பேரின் கணக்கை முதன்மையாக எடுத்துக்கொண்டார்கள், சராசரியாக 19 மாதம். இரு பக்கத்துக்கும் வித்தியாசமே இல்லை. எல்.டி.எல். 25-க்குக் கீழே போனவர்களும் மற்றவர்களைப் போலவே பெட்டியைத் திறந்தார்கள்.

புதுவயல் மரபுணவு:
19 மாதம்! மறதி நோய் வர இருபது வருடம் ஆகும் டாக்டரம்மா. இதுகூடத் தெரியாமலா இத்தனை வருடம் ஊசி குத்தினீர்கள்?

செக்காலை பார்மசி:
அண்ணே, மறதியை விடுங்கள். எனக்குப் பயம் ரத்தக் கசிவு. பக்கவாதம் வந்தவர்களுக்கு அட்டோர்வாஸ்டாடின் 80 கொடுத்த ஸ்பார்சல் ஆய்வில், மூளையில் ரத்தம் கசிந்தவர்கள் மாத்திரைப் பக்கம் 55, மறுபக்கம் 33. எல்.டி.எல். குறைந்ததால் ரத்தக்குழாய் பலவீனமானது, அவ்வளவுதான்.

தேவகோட்டை டாக்டரம்மா:
எண்கள் சரி, காரணம் தப்பு. அங்கே எல்.டி.எல். சராசரியாக 70-க்கு மேலேதான் இருந்தது, 21 இல்லை. யாருக்குக் கசிந்தது என்று பிறகு பிரித்துப் பார்த்தபோது எல்.டி.எல். எவ்வளவு இறங்கியது என்பதற்கும் கசிவுக்கும் தொடர்பு தெரியவில்லை. ஏற்கெனவே கசிந்தவர்கள், வயதானவர்கள், இவர்களுக்குத்தான் அதிகம். எவோலோகுமாப் ஊசியின் பெரிய ஆய்வு ஃபூரியே, 27,564 பேர், எல்.டி.எல். 92-இலிருந்து 30-க்கு இறங்கியது. மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்தன. கசிவுப் பக்கவாதம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே.
ஆனால் செக்காலைத் தம்பியின் பயத்தில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முன்பே மூளையில் ரத்தம் கசிந்தவர்களை ஃபூரியேயில் சேர்க்கவில்லை. அவர்களைப் பற்றி அதிலிருந்து நான் எதுவும் சொல்ல முடியாது.

செக்காலை பார்மசி:
சேர்க்காமல் விட்டுவிட்டுப் பாதுகாப்பு என்றால் எப்படி? அதைத்தானே நானும் கேட்கிறேன்.

ஆத்தங்குடிக் கல்:
என் ஆத்தாவுக்கு எல்.டி.எல். 38. மாத்திரையே கிடையாது. நல்லதுதானே? மூன்று மாதத்தில் எட்டு கிலோ இளைத்திருக்கிறார்கள், அதுவும் நல்லதுதானே?

தேவகோட்டை டாக்டரம்மா:
அம்மா, உங்கள் கேள்வி வேறு. மருந்தால் இறங்குவது ஒன்று, தானாக இறங்குவது வேறொன்று. மருந்தில்லாமல் எல்.டி.எல். குறைந்து உடம்பும் இளைத்தால் தைராய்டு, கல்லீரல், புற்றுநோய் எல்லாம் பார்க்க வேண்டும். இந்த வாரமே கூட்டிப் போங்கள். குறைந்த கொழுப்பு உள்ளவர்கள் சீக்கிரம் சாகிறார்கள் என்று புதுவயலார் காட்டும் பழைய கணக்குகளில் இப்படிப்பட்டவர்களும் கலந்திருக்கிறார்கள். நோய் கொழுப்பைக் குறைத்திருக்கிறது. இவர் அதைத் தலைகீழாகப் படிக்கிறார்.

புதுவயல் மரபுணவு:
நான் எதையும் தலைகீழாகப் படிப்பதில்லை. போன வருடம் சர்க்கரைத் திரியில் கவுனி அரிசியைக் குறை சொன்னதும் நீங்கள்தானே? அன்றே புரிந்துகொண்டேன், நம் ஊர்ச் சாப்பாடு என்றாலே உங்களுக்கு ஆகாது. செக்கு எண்ணெயில் சமைத்தால் ஊசியே தேவையில்லை.

செக்காலை பார்மசி:
செக்கு எண்ணெயும் எண்ணெய்தான் அண்ணே. கடைக்கு வருகிறவர்களிடம் நீங்கள் சொல்லி அனுப்புவதை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

புதுவயல் மரபுணவு:
உன் கடையில் மாத்திரை விற்கிற கதையை நான் இங்கே எழுதட்டுமா? 19 மாதத்துக்குப் பதில் சொல்லவில்லை டாக்டரம்மா.

தேவகோட்டை டாக்டரம்மா:
கவுனி அரிசியை நான் குறை சொல்லவில்லை, கிண்ணத்தின் அளவைச் சொன்னேன். அந்தத் திரி அங்கேயே இருக்கிறது, போய்ப் படியுங்கள்.
19 மாதத்துக்கு வருகிறேன். ஃபூரியே முடிந்த பிறகு 6,635 பேர் ஊசியைத் தொடர்ந்தார்கள், சிலருக்கு எட்டு வருடத்துக்கும் மேல். மறதியோ மற்ற தொல்லையோ கூடவில்லை. பிறவியிலேயே இந்த ஊசி போட்டதுபோல இருப்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் டல்லாஸில் ஹாப்ஸ், கோஹன் குழு கண்ட ஒரு பெண்ணுக்கு, இந்த ஊசி தடுக்கிற புரதத்தின் மரபணு இரண்டு பிரதியுமே வேலை செய்யவில்லை. எல்.டி.எல். 14. படித்து, பிள்ளை பெற்று, நன்றாக இருந்தார். 71 வயதில் தொடங்கி முப்பது வருடம் போட்டால் என்னவென்று யாரும் பார்த்ததில்லை, உண்மை. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

புதுவயல் மரபுணவு:
ஒரே ஒரு பெண்! அதுவும் டல்லாஸ்! மூளையில் பெரும்பகுதி கொழுப்பு, இதற்கு இன்னும் பதில் இல்லை.

தேவகோட்டை டாக்டரம்மா:
முதல் பதிலிலேயே சொன்னேன், தனக்கு வேண்டிய கொழுப்பை மூளை தானே செய்துகொள்கிறது. சரி, வட்டகைவாசி, முழு ரிப்போர்ட்டைப் போடுங்கள். மொத்தக் கொழுப்பு, எச்.டி.எல்., டிரைகிளிசரைடு மூன்றும் வேண்டும்.

வட்டகைவாசி:
மொத்தம் 118, எச்.டி.எல். 30, டிரைகிளிசரைடு 335.

தேவகோட்டை டாக்டரம்மா:
அப்படியா! 335-ஐ ஐந்தால் வகுத்தால் 67. 118-இல் 30-ஐயும் 67-ஐயும் கழித்தால் 21. உங்கள் லேப் எல்.டி.எல்.-ஐ அளக்கவே இல்லை, கழித்துப் போட்டிருக்கிறார்கள். டிரைகிளிசரைடு இவ்வளவு உயர்ந்து எல்.டி.எல். இவ்வளவு தாழ்ந்தால் இந்தக் கழித்தல் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். 118-இல் எச்.டி.எல். 30 போக மிச்சம் 88 இருக்கிறதே, ரத்தக்குழாயில் படியும் சரக்கெல்லாம் அதற்குள் இருக்கிறது. அப்பச்சியைப் போன்றவருக்கு அதை 85-க்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள். நீங்கள் 21 என்று பயப்படுகிறீர்கள், எனக்கு இந்த 88-தான் கவலை. வெறும் வயிற்றில் நேரடி எல்.டி.எல். எடுக்கச் சொல்லுங்கள், சர்க்கரையும் பாருங்கள்.

செக்காலை பார்மசி:
அப்போ இவ்வளவு நேரம் இல்லாத 21-க்கா சண்டை போட்டோம்? கசிவு கேள்வி அப்படியே நிற்கிறது, சொல்லிவிட்டேன்.

புதுவயல் மரபுணவு:
21 என்பதே கணக்குத் தப்பென்றால் ஊசியும் கணக்குத் தப்புதான். என் மறதிக் கேள்வியை அப்படியே மாற்றிவிட்டார் பாருங்கள்.

வட்டகைவாசி:
அப்பச்சி நேற்று மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் தெரியாமல் தேடினார். அதனால் கேட்டேன். ஊசி வெள்ளிக்கிழமை.

தேவகோட்டை டாக்டரம்மா:
கண்ணாடியை நானும் தேடுகிறேன் தம்பி, நான் ஊசி போடவில்லை. வெள்ளிக்கிழமை போடுங்கள். அதற்குள் நேரடி எல்.டி.எல். வந்தால் இங்கே எழுதுங்கள்.

புதுவயல் மரபுணவு:
போடாதே தம்பி. மூளையில் பெரும்பகுதி கொழுப்பு.