டைமிங் சிக்னலுக்குத் தமிழில் என்ன சொல்வது? நேரக் குறிகையா, முறைக் குறிகையா?

செல்வி:

நண்பர்களுக்கு வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான ஆய்வகக் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஹார்டுவயர்டு கன்ட்ரோல் யூனிட் பாடத்தில் வந்து நின்றுவிட்டேன். கன்ட்ரோல் யூனிட்டுக்குக் கட்டுப்பாட்டகம் என்று எழுதிவிட்டேன். மீதி எதுவும் பிடிபடவில்லை.

இடம் இதுதான். 16 பிட் போதனைக் கணினி. அதில் SC என்று ஒரு 4 பிட் எண்ணி இருக்கிறது. அதன் நான்கு கம்பிகளும் ஒரு டிகோடருக்குள் போய், T0 முதல் T15 வரை பதினாறு கம்பிகளாக வெளியே வருகின்றன. எந்த நேரத்திலும் அவற்றில் ஒன்றுதான் உயிரோடு இருக்கும். கட்டளையின் குறியெண்ணைப் பிரித்து D0 முதல் D7 வரை தருவதற்கு இன்னொரு டிகோடர் உண்டு. மாணவர்களுக்கு ADD கட்டளையை வைத்து விளக்குகிறேன். நினைவகத்தில் 100-ஆம் முகவரியில் 11A4 என்று இருக்கிறது (எல்லாம் பதினாறடிமான எண்). அதாவது 1A4-இல் இருப்பதை AC-யோடு கூட்டு. கீழே AR, PC, IR, DR, AC எல்லாம் பதிவகங்கள், M நினைவகம், I என்பது முகவரி மறைமுகமானதா என்று சொல்லும் பிட்.

```
T0    : AR <- PC
T1    : IR <- M[AR], PC <- PC + 1
T2    : AR <- IR(0-11), I <- IR(15)
I T3  : AR <- M[AR]
D1 T4 : DR <- M[AR]
D1 T5 : AC <- AC + DR, SC <- 0
```

நான்காம் வரியில் எட்டுக் குறியெண்களில் கடைசியான D7-ஐ விலக்க D7' என்றும் சேர வேண்டும். இங்கே எளிமைக்காக விட்டிருக்கிறேன்.

T0, T1 என்கிற இந்தக் கம்பிகளை நேரக் குறிகை என்று எழுதினேன். படித்த மாணவி ஒருத்தி "இது மணி காட்டுமா மேடம்?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை, சொல்தான் அவளை அங்கே கொண்டுபோய் விட்டது. நல்ல சொல் தாருங்கள். ஹார்டுவயர்டுக்கும் சேர்த்து.

நடராசன்:

அன்புள்ள செல்வி, மாற்ற வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஒவ்வொரு T-யும் சரியாக ஒரு கடிகாரத் துடிப்பு நீளம் இருக்கும். கடிகாரம் 1 மெகாஹெர்ட்ஸ் என்றால் T4 ஒரு மைக்ரோ நொடி, ADD முடிய ஆறு மைக்ரோ நொடி. நேரத்தை அளந்து கொடுப்பதால்தான் டைமிங் என்று பெயர் வந்தது. முப்பது ஆண்டுகள் சர்க்யூட் போர்டுகளோடு வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நேரத்தைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டால் நினைவகம் பதில் தருவதற்கு அவகாசம் வேண்டும் என்பதையே பிள்ளைகள் மறந்துவிடுவார்கள்.

கபீர்:

ஐயா சொல்வது கடிகாரம் தானாக ஓடும்போது சரி. நான் இதே சுற்றை வீட்டில் பிரெட்போர்டில் கட்டியிருக்கிறேன். கடிகாரத்துக்குப் பதில் ஒரு பட்டன், ஒவ்வொரு T-க்கும் ஓர் எல்இடி. ஒருநாள் T3 எரிந்துகொண்டிருந்தபோது சாப்பிடக் கூப்பிட்டார்கள். போய் வந்து பார்த்தேன், T3 அப்படியே எரிகிறது. பட்டனை அழுத்தினேன், T4. கடைசியில் விடை சரியாகவே வந்தது: AC-யில் 0025, 1A4-இல் 0013, கூட்டி 0038. அரை மணி நேரம் நீண்ட T3-யும் ஒரு மைக்ரோ நொடி T3-யும் சுற்றுக்கு ஒன்றுதான். அப்போது அது எப்படி நேரத்தைச் சொல்லும் குறிகை ஆகும்? "இப்போது யாருடைய வாய்ப்பு" என்பதைத்தான் அது சொல்கிறது.

மாரிமுத்து:

நூற்பாலையில் எலக்ட்ரிக்கல் பராமரிப்பில் இருக்கிறேன். ஹார்டுவயர்டு என்று பார்த்ததும் எங்கள் பழைய ரிலே பேனல் நினைவுக்கு வந்தது. மோட்டார் ஸ்டார் நிலையில் கிளம்பி டெல்டாவுக்கு மாறும் வரிசை முழுக்க அதில் வயரிலேயே இருக்கும். மாற்ற வேண்டுமென்றால் ஸ்குரூடிரைவரை எடுக்க வேண்டும். பிஎல்சி வந்த பிறகு அதையே திரையில் மாற்றுகிறோம். "அது புரோகிராம் இல்லப்பா, வயரிங்லயே வச்சிருக்கு" என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். "வயர்வழி" என்றோ "கம்பிவழி" என்றோ வைக்கலாமே. வயர்லெஸ் இல்லாதது என்பதும் அதிலேயே வந்துவிடும்.

செல்வி:

மாரிமுத்து அண்ணே, ரிலே பேனல் உதாரணத்தைக் கையேட்டில் சேர்க்கப் போகிறேன். நன்றி. ஆனால் வயர்லெஸ்ஸுக்கு எதிர்ப்பதம் என்ற பொருள் வந்தால்தான் கெடுதல். "கம்பிவழி" என்றதும் மாணவர்கள் இணையக் கேபிளை நினைப்பார்கள். இங்கே எதிரே இருப்பது, படிகளை ஒரு நினைவகத்தில் எழுதி வைத்து அதைப் படித்து நடக்கும் இன்னொரு வகைக் கட்டுப்பாட்டகம். ஒன்றில் ஒழுங்கு கதவுகளின் பிணைப்பில் இருக்கிறது, மற்றதில் எழுத்தில் இருக்கிறது. அதனால் "பிணைப்புவழி" என்பது என் மனத்தில் ஓடுகிறது. உறுதியில்லை.

கபீர், நீங்கள் "யாருடைய வாய்ப்பு" என்றதும் எங்கள் ஊர்க் கண்மாய் ஞாபகம் வந்தது. தண்ணீர் குறைந்த காலத்தில் நீர்க்கட்டிதான் முறை வைத்துத் தண்ணீர் விடுவார். ஒருவர் முறையில் அடுத்தவர் மடையைத் திறக்க முடியாது. "இன்னைக்கு யார் முறை?" என்று கேட்பார்களே தவிர, மணியைக் கேட்க மாட்டார்கள். முறை வந்தும் வயலுக்குத் தண்ணீர் வேண்டாம் என்றால் அது சும்மா கடந்து போகும். இந்த ADD-இல் T3 அப்படித்தான், I பூச்சியமாக இருப்பதால் அந்த முறையில் எந்த மடையும் திறக்காது. அதனால் "முறைக் குறிகை" என்று சொல்லிப் பார்க்கிறேன். SC "முறையெண்ணி".

சிவநேசன் (யாழ்ப்பாணம்):

செல்வி, உவமை நல்லாயிருக்கு. எங்கள் பக்கம் சிக்னலுக்குச் சைகை என்று பாடநூலிலேயே பழக்கம், ஆகவே நான் முறைச்சைகை என்று எழுதுவேன். அந்த வேறுபாடு இருந்துவிட்டுப் போகட்டும்.

என் தடை முறையெண்ணி மேலேதான். "மூன்று முறை சுற்றினான்" என்கிறோம் இல்லையா? முறையெண்ணி என்றால் எத்தனை தடவை நடந்தது என்று எண்ணும் கருவி என்று படும். SC தடவையை எண்ணுவதில்லை, நிற்கும் இடத்தைச் சொல்கிறது. "படி" என்று போனால் என்ன? படியெண்ணி, படிச்சைகை.

கபீர்:

படிச்சைகை வேண்டாம் என்பேன். T1-இலும் T4-இலும் நினைவகத்துக்கு ஒரு ரீட் சைகை போகிறது. அதைத் தமிழில் எழுதினால் படிப்புச் சைகை. ஒரே படத்தில் படிச்சைகையும் படிப்புச் சைகையும் பக்கத்தில் நின்றால் யாருக்கு விளங்கும்? எண்ணிக்கு மட்டும் படியெண்ணி என்றால் எனக்குச் சம்மதம். எண்ணி படி ஏறுகிறது, டிகோடர் முறையை அறிவிக்கிறது.

"மறையும் முறை" என்று நான் பெயர் வைத்திருக்கும் ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் எண்ணிக்கு 74161 சில்லைப் போட்டேன். D1-ஐயும் T5-ஐயும் ஒரு நான்ட் கதவில் சேர்த்து அதன் கிளியர் காலில் கொடுத்தேன். T4 எரியும், பட்டனை அழுத்தினால் நேரே T0 எரியும். T5 எல்இடி ஒருநாளும் கண்ணில் படவில்லை. AC-யில் 0025 அப்படியே இருக்கும், கூட்டல் நடந்த தடயமே இருக்காது. இரண்டு நாள் கூட்டல் சுற்றைத்தான் சந்தேகப்பட்டேன்.

கோளாறு எண்ணியில். 74161 கிளியர் வந்த கணமே கடிகாரத்தைக் கேட்காமல் பூச்சியமாகிவிடும். T5 பிறந்ததும் அதுவே தன்னைப் பிறப்பித்த எண்ணியை அழித்துவிடுகிறது. AC-யில் விடை ஏறுவது T5 முடியும் கடிகார விளிம்பில். அந்த விளிம்பு வருவதற்குள் T5 போய்விட்டது. 74163 போட்டேன். கால்கள் எல்லாம் அதே இடம், ஆனால் கிளியரும் அடுத்த கடிகார விளிம்புக்குக் காத்திருக்கும். T5 முழுசாக எரிந்தது, 0038 வந்தது. எப்போதாவது ஒருமுறை மட்டும், பழைய சில்லில், T3-யிலிருந்தே T0-க்குத் தாவியது. அது ஏனென்று இன்றுவரை பிடிபடவில்லை.

நடராசன்:

கபீர், பட்டனின் துள்ளலை நீக்கியிருந்தீர்கள் என்றால் அந்தத் தாவலுக்கு இது காரணமாக இருக்கலாம். மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது 0011 என்பது 0100 ஆகிறது. மூன்று பிட்டுகள் மாறுகின்றன, மூன்றும் ஒரே கணத்தில் மாறுவதில்லை. இடையில் சில நானோ நொடிக்கு 0101 என்று தோன்றினால் டிகோடர் பொய்யாக T5 காட்டும். கண்ணுக்கும் எல்இடிக்கும் அது தெரியாது, ஆனால் கடிகாரத்தைக் கேட்காத கிளியர் காலுக்கு அது போதும். 74163-இல் அந்தப் பொய் T5 விளிம்புக்கு முன்பே அடங்கிவிடுவதால் தொல்லையில்லை.

அதனால்தான் T கம்பியை எந்தப் பதிவகத்துக்கும் கடிகாரமாகக் கொடுக்கக் கூடாது என்று இளைஞர்களிடம் சொல்வேன். அது அனுமதி மட்டும். ஏற்றுவது கடிகார விளிம்பின் வேலை. இதை எழுதும்போதே, அனுமதி என்றால் முறை என்ற சொல் பொருந்துகிறது என்று எனக்கே படுகிறது. ஒன்றை மட்டும் விட மாட்டேன்: ஆறு முறைகளில் எது மிக மெதுவோ, அதற்கு ஏற்றபடிதான் கடிகாரத்தை வைக்க முடியும். நினைவகம் பதில் தரும் T1, T4 இரண்டும் பெரும்பாலும் அப்படி. பாடத்தில் அந்த வரி இருக்க வேண்டும்.

செல்வி:

ஐயா, அந்த வரியை நீங்கள் எழுதியபடியே கையேட்டில் சேர்க்கிறேன். கபீரின் பிழையை ஆய்வகப் பயிற்சியாகவே வைக்கப் போகிறேன். முதல் மேசைக்கு 74161, அடுத்த மேசைக்கு 74163 கொடுத்துவிட்டு, எந்த முறை காணாமல் போனது என்று மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

இப்போதைக்கு முறைக் குறிகை, படியெண்ணி என்று எழுதுகிறேன். T0, T1 எழுத்துகளில் கைவைக்கவில்லை. டிகோடருக்குக் குறிவிலக்கி என்று பழைய கோப்பில் இருக்கிறது, ஆனால் இங்கே விலக்குவதற்கு எந்தக் குறியும் இல்லையே, நான்கு கம்பியைப் பார்த்துப் பதினாறில் ஒன்றைக் காட்டுகிறது. "சுட்டி" எடுபடுமா என்றால் அதை மௌஸுக்குக் கொடுத்துவிட்டோம். இந்தப் பதிப்பில் டிகோடர் என்றே விடுகிறேன்.

மாரிமுத்து:

பிணைப்புவழி சரி என்றுதான் படுகிறது. ஆனால் எங்கள் பேனலைத் திறந்து காட்டினால் எவரும் பிணைப்பு என்று சொல்ல மாட்டார்கள், வயரிங் என்றுதான் சொல்வார்கள். படிக்கிற பிள்ளை நாளைக்கு எங்களோடு நின்று வேலை பார்க்க வேண்டியவன்தானே. இதை இன்னொரு முறை யோசியுங்கள்.