புதுப்பிப்பு: பழைய கப்போர்டுக் கதவில் டேம்பர்

“கிச்சன் கப்போர்டுக் கதவு டமால் டமால்னு அடிக்குது. கீலை மாற்றாமல் மெதுவாக மூட வைக்க வழி உண்டா?” (போன மாதம் நான் கேட்டது)

ஆறு கதவில் நான்கு சரியாகிவிட்டது. திருகாணி போட்டு உள்ளே மாட்டும் பிஸ்டன் டேம்பர்தான் வாங்கினேன். இங்கே ஒருவர், “கைப்பிடிப் பக்கம் வைங்க, அங்கதான் அடி விழுது” என்றார். வைத்தேன். கதவு ஒரு விரல் இடைவெளி விட்டு அப்படியே நின்றது.

ஆசாரி அண்ணன் பார்த்துச் சிரித்தார். “தம்பி, இது கதவைத் தடுக்கத்தான் செய்யும், இழுக்காது. இழுக்கிறது கீல்ல இருக்கிற ஸ்பிரிங். கீல் பக்கமா நகர்த்துங்க.” நகர்த்தியதும் மெத்தென்று மூடியது.

மீதி இரண்டும் எங்கள் மண்டபம் ஊரின் உப்புக்காற்றுக்குப் பலி. டேம்பரைக் கழற்றிவிட்டு, கதவை ஒரு விரல் திறந்து விட்டுப் பார்த்தேன், தானாக இழுக்கவில்லை. கீலே துரு. அதே 35 மி.மீ. குழியில் சாஃப்ட் குளோஸ் கீல் மாட்டிவிட்டோம்.

10 மி.மீ. துளை போட்டுச் செருகும் டேம்பர் வகையை அண்ணன் வேண்டாம் என்றார். என்னுடையது பார்ட்டிக்கிள் போர்டு, ஈரத்தில் ஊதிய விளிம்பு உதிர்கிறது. ரப்பர் பொட்டு சத்தத்தைத்தான் குறைத்தது, வேகத்தை இல்லை.

டிராயரில் தோல்வி. மரச்சட்டத்தில் உரசி ஓடுவதால், உள்ளே இழுக்கும் கொக்கி மாட்டியும் அரை அங்குலம் வெளியே நிற்கிறது. பால் பேரிங் சேனல் போட்டால்தான் ஆகும்போல.

ஸ்டீல் பீரோவுக்குக் கேட்ட அக்கா, அந்தக் கீலில் ஸ்பிரிங்கே கிடையாது. பிஸ்டன் இந்தக் காற்றில் எத்தனை நாள் தாங்கும் என்று அண்ணனும் சொல்லவில்லை.