கைட், கிராண்ட் கிராஸ்: இரண்டு ஜாதகங்களைப் பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம். மேற்கத்திய முறையில், சாயன கணக்கில் போட்ட அக்கா, தம்பி இருவரின் ஜாதகங்கள் பற்றி உதவி வேண்டும்.

அக்காவுக்குக் கைட், அதாவது பட்டம் போன்ற அமைப்பு. கடகத்தில் சூரியன் 10°, விருச்சிகத்தில் சந்திரன் 12°, மீனத்தில் வியாழன் 11°. மூன்றும் நீர் ராசி முக்கோணம். மகரத்தில் சனி 12° சூரியனுக்கு நேர் எதிரே நின்று, மற்ற இரண்டையும் 60 பாகையில் பார்க்கிறது. இறுக்கம் அந்த ஒரே அச்சில்தான். முக்கோணம் மட்டும் இருந்தால் திறமை சுகமாகத் தூங்கிவிடும். சனி கேட்கும் உழைப்பு சந்திரன், வியாழன் வழியாக வெளியே வருகிறது என்று படிக்கிறேன். இதில் எனக்குக் குழப்பமில்லை.

தம்பியுடையதுதான் சிக்கல். ரிஷபத்தில் செவ்வாய் 8°, சிம்மத்தில் சனி 9°, விருச்சிகத்தில் சந்திரன் 7°, கும்பத்தில் சுக்கிரன் 16°. நான்கும் ஸ்திர ராசிகள். கிராண்ட் கிராஸ் என்றால் இரண்டு எதிர்ப்பார்வை, நான்கு ஸ்கொயர் எனும் 90 பாகைப் பார்வை; ஒரு முனையைத் தொட்டால் மற்ற மூன்றும் இழுக்கும், வடிகால் கிடையாது. ஆனால் சுக்கிரனின் ஸ்கொயர் சரியான 90 பாகையிலிருந்து சந்திரனுடன் 9°, செவ்வாயுடன் 8° விலகி நிற்கிறது. ஸ்கொயருக்கு இந்த விலகலை, அதாவது ஆர்பை, 6° வரைதான் நான் ஏற்பேன். அப்படியானால் இது செவ்வாய், சந்திரன் எதிரெதிரே நிற்க, இரண்டையும் ஸ்கொயரில் பார்க்கும் சனியை உச்சியாகக் கொண்ட டி-ஸ்கொயர் மட்டுமே.

அப்போது சுக்கிரனை எப்படிப் படிப்பது? அது சனிக்கு எதிரே, அதன் அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும் காலியிடத்தில் நிற்கிறதா, அல்லது தளர்வான நான்காவது முனையாகிப் பிடியை இறுக்குகிறதா? இப்படிப்பட்ட ஜாதகத்தை நேரில் கவனித்தவர்கள், எத்தனை பாகை ஆர்ப் எடுத்தீர்கள் என்பதோடு சொல்லுங்கள்.