புதுப்பிப்பு: மார்த்தாண்டம் ஷெட்டின் வளைந்த பைப் தூண்

என் பழைய கேள்வி: "3 மீட்டர் பைப் தூண், நடுவில் 12 மி.மீ. வளைவு. ஆய்லர் பளு 57 கிலோநியூட்டன். அதுவரை ஏற்றலாமா?"

கூடாது. ஆய்லர் பளு என்பது முழுக்க நேரான தூண் பக்கவாட்டில் வளையத் தொடங்கும் பளு. நாகர்கோவில் பொறியாளர் அண்ணன் சொன்ன வழியில் கணக்குப் போட்டேன். பைப் வெளிவிட்டம் 60.3, தடிமன் 3.6 மி.மீ.; ஈல்டு, அதாவது இரும்பு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு, 250 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொண்டேன்.

```
P/A + P·e/(Z·(1 − P/Pe)) = fy
```

P ஏற்றும் பளு, Pe ஆய்லர் பளு, e தொடக்க வளைவு, fy ஈல்டு. பைப்பின் வெட்டுப்பரப்பு A 641 ச.மி.மீ., வளைவைத் தாங்கும் அளவான Z சுமார் 8,580 கன மி.மீ. P இரண்டு இடத்தில் வருவதால் போட்டுப் பார்த்துத்தான் பிடிக்கணும். 45 கிலோநியூட்டனுக்குத் தகைவு 374 மெகாபாஸ்கல், ரொம்ப அதிகம். 40 போட்டால் 252. ஆக, வளைவின் உட்பக்க விளிம்பு கிட்டத்தட்ட 40-லேயே ஈல்டு ஆகத் தொடங்குகிறது. அப்போது 12 மி.மீ. வளைவு 41 ஆகியிருக்கும்! வளைவு வெறும் 3 மி.மீ. என்றால் 51 வரை போகும்.

"ஆய்லருக்குக் கீழே தூண் அசையாது" என்று ஒரு தம்பி சொன்னது நேர்த்தூணுக்குச் சரி. வளைந்தது முதல் கிலோவிலிருந்தே வளையும். குலசேகரத்துக்காரர் ரப்பர் புகைக்கூடத்து மரத்தூணைப் பற்றிக் கேட்டார்; இரும்புக்கான இந்த 250 அதற்குச் செல்லாது.

இரு முனையும் கீல் மாதிரி என்று எடுத்தேன். அடித்தட்டு கான்கிரீட்டில் போல்ட் போட்டிருக்கு, அது எவ்வளவு பிடிக்கும் என்பதில் அண்ணனுக்கும் எனக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.