உதவி: காது மைக்கில் எடுத்த கணியான் கூத்து, ஹெட்போனில் நடுமண்டையிலேயே கேட்குது

களக்காட்டான்
காதுக்குள்ள வைக்கிற பைனாரல் மைக் வாங்கி, சுடலைமாடன் கோயில் கொடையில கணியான் கூத்து பதிவு பண்ணினேன். ஹெட்போன்ல கேட்டா முன்பாட்டுக்காரர் அண்ணாவியோட பாட்டு, ரெண்டு மகுட மேளம் எல்லாம் நடுமண்டைக்குள்ளயே கேட்குது. இடம் வலம் கூடப் பிரியல. சாதாரண சினிமாப் பாட்டே இதைவிட விரிஞ்சு கேட்குது. மைக் போலியா? வெள்ளிக்கிழமைக்குள்ள பதிவைக் கொடுக்கணும். அவசரம்.

அம்பை இசைப்பிரியன்
மைக் மேல குத்தம் இல்ல, ஹெட்போன்தான். காதை மூடுற வகையில சத்தம் மண்டைக்குள்ளதான் நிக்கும். பின்பக்கம் திறந்த வகை ஒண்ணு வாங்கிக் கேளுங்க, வெளிய வந்துரும்.

முக்கூடல் சவுண்டு
எதுல பதிவு பண்ணினீங்க தம்பி? மைக்கை நேரா சொருகினீங்களா, இடையில கன்வெர்ட்டர் இருந்துச்சா? கூத்துல மைக் செட் ஓடுச்சா? இது தெரியாம ஒண்ணும் சொல்ல முடியாது.

தென்காசி சாரல்
நான் ராத்திரி தூங்குறதுக்கு பைனாரல் கேட்கேன். ஒரு காதுல 200, இன்னொரு காதுல 206 ஹெர்ட்ஸ். எனக்கும் மண்டைக்குள்ளதான் கேட்குது. அப்படித்தானே இருக்கணும்?

பாளை மூத்தவர்
சாரல், அது பைனாரல் பீட்ஸ். இந்த இழைக்குச் சம்பந்தமில்லை.

களக்காட்டான், கருவி விவரம் இல்லாமல் கேள்வி போடக் கூடாது என்று எத்தனை முறை சொல்வது? அடிப்படையையாவது தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண ஸ்டீரியோ இரண்டு ஸ்பீக்கருக்காகக் கலக்கப்படுவது. குரலை இடப்பக்கம் தள்ள, இடது சேனலில் சத்தத்தைக் கூட்டுவார்கள், அவ்வளவுதான். பைனாரலில் தலையே கருவி. வலப்பக்கத்து ஒலி இடது காதுக்குச் சற்றுத் தாமதமாக, தலை மறைப்பதால் கூர்மை குறைந்து வரும். காதுமடலின் மடிப்புகளும் அதன் நிறத்தை மாற்றும். இதெல்லாம் பதிவிலேயே இருக்க வேண்டும். பதிவில் இல்லாததை எந்த ஹெட்போனும் தராது.

களக்காட்டான்
போன்லதான். மைக் பின்னுக்கு சி-டைப் கன்வெர்ட்டர் போட்டேன். விவரத்துல ஸ்டீரியோன்னுதான் காட்டுது. மைக் செட் அண்ணாவிக்கு மட்டும், மகுடத்துக்கு இல்ல.

முக்கூடல் சவுண்டு
சிக்கல் அந்தக் கன்வெர்ட்டர்லதான் இருக்கும். போன் ஹெட்செட் ஜாக்குல நாலு தொடர்பு: இடது ஸ்பீக்கர், வலது ஸ்பீக்கர், எர்த், மைக். மைக்குக்கு ஒரே ஒரு கம்பிதான். உங்க மைக் பின்னுல மூணு பாகம்: நுனியில இடது காது, நடு வளையத்துல வலது காது, அடியில எர்த். மைக்குக்குன்னு விக்கிற சி-டைப் கன்வெர்ட்டர்லயும் பலது மைக்கை ஒத்தையாத்தான் எடுக்கும். ஒரு காதோட சத்தம் மட்டும் உள்ள போகும், போன் அதையே ரெண்டு சேனல்லயும் எழுதிரும். அதனால ஸ்டீரியோன்னு காட்டுறதை நம்பாதீங்க. ரெண்டு சேனல் இருக்கு, உள்ள ஒரே சரக்கு.

முதல்ல கை வச்சுப் பாருங்க. புதுசா ஒரு பதிவை எடுத்துக்கிட்டே இடது மைக்கை நகத்தால மெல்லச் சுரண்டுங்க, அப்புறம் வலதை. ஒண்ணுக்கு மட்டும் சத்தம் வந்தா விஷயம் தெரிஞ்சுபோச்சு. எடுத்து வச்ச கோப்பைச் சோதிக்க, ஒரு சேனல்ல இருந்து இன்னொண்ணைக் கழிக்கணும்:

```
ffmpeg -i koothu.m4a -af "pan=mono|c0=0.5*c0-0.5*c1,volumedetect" -f null -
```

max_volume -91.0 dB அல்லது அதுக்குப் பக்கத்துல வந்தா ரெண்டு சேனலும் ஒண்ணேதான். நிஜ பைனாரல்னா கழிச்ச பிறகும் நல்ல சத்தம் மிஞ்சும்.

கண்ணாலயும் பார்க்கலாம். எடிட்டர்ல ஒரே ஒரு மகுட அடியைப் பெருசாக்குங்க. நேர் வலப்பக்கத்துல இருந்து வந்த அடின்னா வலது சேனல்ல முதல்ல எழும்பும், இடது சேனல்ல ஏறக்குறைய 0.65 மில்லி செகண்டு கழிச்சு. செகண்டுக்கு 48000 சாம்பிள் எடுக்கிற பதிவுல அது 31 சாம்பிள். எந்த அடியை எடுத்தாலும் ரெண்டும் ஒரே கோட்டுல எழும்பினா அது மோனோ.

அம்பை இசைப்பிரியன்
மோனோவா இருந்தா என்ன, இப்ப பைனாரல் பிளக்-இன் இருக்கே. போட்டா வெளிய வந்துரும்.

முக்கூடல் சவுண்டு
பாதி சரி அண்ணாச்சி. தனித்தனி ட்ராக் இருந்தா பிளக்-இன் ஒவ்வொண்ணையும் ஒரு திசையில வைக்கும். இங்க அண்ணாவி, மந்த மகுடம், உச்ச மகுடம் மூணும் ஒரே ட்ராக்குல கலந்து கிடக்கு. மொத்தக் கூத்தையும் தூக்கி ஒரே மூலையில வைக்கத்தான் முடியும். மறுபடி எடுக்கிறதுதான் வழி.

3.5 மிமீ ஸ்டீரியோ மைக் இன்புட்டும், மைக்குக்குக் கரண்டு கொடுக்கிற பிளக்-இன் பவரும் உள்ள கையடக்க ரெக்கார்டர் வேணும். பவரை மெனுவுல போடாம விட்டா சத்தமே வராது, இல்லைன்னா ரொம்ப மெலிசா வரும். ஆட்டோ லெவலை அணைச்சிருங்க. மகுடத்தோட பெரிய அடி -12 dB தாண்டாம வைங்க. எடுக்கும்போது தலையை ஆட்டக் கூடாது. நீங்க திரும்பினா கேட்கிறவருக்கு மொத்த மேடையும் சுத்தும். எச்சில் முழுங்கினாக்கூட பதிவாகும்.

இன்னொண்ணு. அண்ணாவி குரல் மைக் செட் வழியா வந்தா, பாக்ஸ் எங்க இருக்கோ அங்கதான் குரல் கேட்கும், அவர் நிக்கிற இடத்துல இல்ல. பைனாரல் அதையும் உண்மையாவே பதிவு பண்ணிரும். முடிஞ்சா மைக் செட் இல்லாத நேரத்துல, ரெண்டு மகுடத்துக்கும் நடுவுல, ஆறேழு அடி தள்ளி உட்கார்ந்து எடுங்க. அனுப்பும்போது வாய்ஸ் நோட்டாப் போட்டா திரும்ப மோனோ ஆயிரும். டாக்குமென்ட்டா அனுப்புங்க.

களக்காட்டான்
வாங்குறவங்க டிவியிலயும் போடுவாங்களாம். பரவாயில்லையா?

பாளை மூத்தவர்
கூடாது. பைனாரல் ஹெட்போனுக்கு மட்டும். ஸ்பீக்கரில் போட்டால் இடது ஸ்பீக்கரின் ஒலி வலது காதுக்கும் போகும். பதிவில் ஏற்கெனவே ஒரு தலை இருக்கிறது, கேட்பவரின் தலை அதன்மேல் இரண்டாவதாக ஏறும். திசை குலையும், நிறமும் மாறும்.

முக்கூடல் சவுண்டு
திசை போயிரும், ஒத்துக்கிடுதேன். கூடாதுன்னு சொல்ற அளவுக்கு இல்ல. இடம் வலம் ஓரளவு நிக்கும். 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் குரல் உறுத்தினா கொஞ்சம் குறைச்சாப் போதும்.

பாளை மூத்தவர்
குறைத்த பிறகு அது பைனாரலே இல்லை. டிவிக்கு வேண்டுமானால் தனியாக இரண்டு மைக்கை நிறுத்தி ஸ்டீரியோவாக எடுக்கட்டும்.

முக்கூடல் சவுண்டு
டிவிக்குப் போற பிரதியில மட்டும் குறைக்கச் சொல்லுதேன். ஹெட்போன் கோப்புல கை வைக்க வேண்டாம்.

களக்காட்டான்
-91.0 வந்துது. வலது மைக்கைச் சுரண்டினா சத்தமே இல்ல. ரெக்கார்டர் இரவல் கேட்டிருக்கேன். நன்றி அண்ணாச்சி.

வள்ளியூர் வாசகி
ஒரு சந்தேகம். நானும் இதே வகை மைக்ல, ஒழுங்கான ரெக்கார்டர்லதான் எடுத்தேன். இடம் வலம் அருமையா இருக்கு. ஆனா நேர் எதிர்ல பாடினவர் முதுகுக்குப் பின்னால கேட்குது. என் தங்கச்சிக்கும் அப்படித்தான்.

முக்கூடல் சவுண்டு
நேர் முன்னும் நேர் பின்னும் ரெண்டு காதுக்கும் ஒரே நேரத்துலதான் சத்தம் வரும். காதுமடல் மாத்துற நிறத்தை வச்சுத்தான் மூளை பிரிக்கும். தங்கச்சி காதுமடல் வேற, உங்களது வேற. நிஜத்துல சந்தேகம் வந்தா தலையைத் திருப்பிப் பார்த்துக்கிடுவோம், பதிவுல அது நடக்காது. நேர் எதிர்ல உட்காராம பாடுறவரை 20, 30 டிகிரி ஓரமா வச்சு எடுத்துப் பாருங்க.

வள்ளியூர் வாசகி
தங்கச்சிக்குக் காது வேற, சரி. காதுல மாட்டினது நான். எனக்கும் ஏன் பின்னால கேட்குது?

பாளை மூத்தவர்
எந்த ஹெட்போன், மைக் காதுத் துளையின் வாயில் இருந்ததா அல்லது வெளியே துருத்திக்கொண்டிருந்ததா? அதைச் சொல்லுங்கள்.