கேக்கில் பழம் மூழ்காமல் நிற்பதற்கு ஒரு சொல்: ‘தொங்கல்’ பொருந்துமா?

மடல் 1: செய்முறை நூலைத் தமிழாக்குபவர்

குழுவினருக்கு வணக்கம். பழக் கேக் செய்முறை ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். பழத் துண்டுகள் அடியில் படியாமல் கேக் முழுவதும் சீராகப் பரவி நிற்பதை ஒரே சொல்லில் குறிக்க வேண்டும். வேதியியல் பாடநூல்களில் வழங்கும் ‘தொங்கல்’ என்பதை எடுத்தாளலாம் என்றால், அது மேலிருந்து கயிற்றில் கட்டிவிட்டதுபோல் ஒலிக்கிறது. ‘இடைநிற்றல்’ என்று எழுதினாலோ பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகள்தான் நினைவுக்கு வருவார்கள். கத்தி பட்டால் உதிராமல் அறுபட வேண்டிய உட்பகுதிக்கும் ஒரு சொல் தேவைப்படுகிறது.

மடல் 2: வீட்டில் கேக் செய்பவர்

இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. பழத்தை உலர்ந்த மாவில் புரட்டிப் போட்டால் அது மூழ்காது. எனவே ‘மாப்பூச்சு’ என்ற சொல்லே போதும்.

மடல் 3: அடுமனையில் பணியாற்றுபவர்

மாப்பூச்சு பாதிதான் உதவும், அம்மா. பழத்தின் மேலுள்ள பாகு ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்வதால் துண்டு வழுக்காமல் கலவையோடு ஒட்டுகிறது. ஆனால் துண்டின் எடை அப்படியேதான் இருக்கிறது. கலவை நீர்த்திருந்தால் பழம் பூச்சோடு சேர்ந்தே அடிக்குப் போகும்.

நான் கெடுத்த கேக் ஒன்றைச் சொல்கிறேன். மாவு 200 கிராம், வெண்ணெயும் சர்க்கரையும் 175 கிராம் வீதம், முட்டை மூன்று, பாகில் ஊறிய முழுச் செர்ரி 200 கிராம். கலவை இறுக்கமாகத் தெரிந்ததால் சிறிது பாலும் கூடுதலாக பேக்கிங் பவுடரும் சேர்த்தேன். அறுத்துப் பார்த்தபோது செர்ரிகள் அத்தனையும் அடியில் ஒரே அடுக்காகக் கிடந்தன. மறுமுறை பாலை விட்டுவிட்டு, பேக்கிங் பவுடரை அரைத் தேக்கரண்டியாகக் குறைத்து, செர்ரியை நான்காக நறுக்கி, வெந்நீரில் பாகு போகக் கழுவி, துணியில் நன்றாக உலர்த்திச் சேர்த்தேன். துண்டுகள் மேலிருந்து அடிவரை நின்றன. துண்டு சிறியதானால் அது இறங்கும் வேகம் வெகுவாகக் குறையும் என்பதால், நறுக்கியதுதான் பெரிதும் உதவியது என்று நினைக்கிறேன்.

கரண்டியைக் கவிழ்த்தால் கலவை தானாக வழியாமல், உதறினால்தான் விழ வேண்டும். இந்தச் சோதனையையும் முழுவதும் நம்ப முடியாது. அடுப்பில் முதலில் வெண்ணெய் உருகிக் கலவை இளகுகிறது. அதன் பிறகு வெகுநேரம் கழித்தே மாவும் முட்டையும் வெந்து இறுகுகின்றன. பழம் இறங்குவது இந்த இடைவெளியில்தான். அடுப்பின் சூடு போதாவிட்டால் இடைவெளி நீள்கிறது. ஆகவே ஒரு சிறு கிண்ணத்தில் நான்கைந்து துண்டுகளோடு கலவையை முதலில் வேகவைத்து, அறுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இதனால்தான் பழத்தின் செயலாக அல்லாமல், கலவையின் ஆற்றலாகப் பெயரிட வேண்டும் என்கிறேன். ‘ஏந்துதிறன்’ என்பது என் பரிந்துரை. ‘பால் சேர்த்தால் கலவையின் ஏந்துதிறன் குறையும்’ என்று எழுதினால் காரணமும் அதிலேயே விளங்கிவிடுகிறது.

மடல் 4: குழுவின் புதிய உறுப்பினர்

என் கேக்கில் பழம் சரியாகத்தான் நிற்கிறது. ஆனால் அறுக்கும்போது பழத்தைச் சுற்றிப் பொடிப்பொடியாக உதிர்கிறது. ஏந்துதிறன் கூடிவிட்டதாலா?

மடல் 5: அடுமனையில் பணியாற்றுபவர்

அது வேறு சிக்கல், தம்பி. உலர்ந்த திராட்சையை ஊறவைக்காமல் போட்டிருந்தால், அது தன்னைச் சுற்றியுள்ள பகுதியின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். முதல் நாள் இரவே ஊறவைத்து, வடித்து, ஒற்றி எடுத்துச் சேருங்கள். சூட்டோடு அறுத்தாலும் உதிரும்; நன்றாக ஆறவிட்டு, பொதிந்து ஒரு நாள் வைத்திருந்து, பல் வைத்த கத்தியை அழுத்தாமல் முன்னும் பின்னுமாக இழுத்து அறுத்துப் பாருங்கள்.

மடல் 6: செய்முறை நூலைத் தமிழாக்குபவர்

‘ஏந்துதிறன்’ என்பதை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் வெந்து முடிந்த கேக்கில் பழம் பரவி நிற்கும் நிலைக்கு அது பொருந்தாது. அந்த இடத்தில் ‘சீர்ப்பரவல்’ என்று எழுத எண்ணுகிறேன். உட்பகுதிக்கு, கற்றாழைச் சோறு என்று சொல்வதைப் பின்பற்றி, ‘கேக்கின் சோறு’ எனலாமா? மேலோட்டுக்குள் இருக்கும் மென்மையான பகுதி என்ற பொருள் அதில் முன்பே இருக்கிறது.

மடல் 7: வீட்டில் கேக் செய்பவர்

ஏந்துதிறன் சரி. ஆனால் ‘சோறு உதிராமல் அறுபட வேண்டும்’ என்று சமையல் நூலில் படித்தால் நான் அரிசிப் பானையைத்தான் திறந்து பார்ப்பேன். ‘உட்சதை’ என்று வையுங்கள்.

மடல் 8: செய்முறை நூலைத் தமிழாக்குபவர்

பழத்துக்கும் சதை உண்டே; ‘உட்சதை பழச்சதையின் ஈரத்தை உறிஞ்சும்’ என்றால் எது எதை உறிஞ்சுகிறது என்று குழம்பும். வேறு சொல் வரும்வரை ‘உட்பகுதி’ என்றே எழுதி வைக்கிறேன்.